இனிஷியலை மாற்றாத குடும்பம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மறுமணம் செய்துகொள்ளப் போகும் ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: "சார், பையன் அவரை அப்பான்னு கூப்பிட வைக்கிறது எப்படி?" கூப்பிட வைக்காதீர்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என் மனைவிக்கு இது இரண்டாவது திருமணம். முதல் கணவர் காலமாகி மூன்று வருடம் கழித்து, 1999-ல் எங்கள் கல்யாணம் நடந்தது. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் முகம், குரல் எல்லாம் நன்றாக நினைவிருக்கிற வயது.

முதல் மாதமே நான் சறுக்கினேன். அவன் பெயரில் மைனர் கணக்கு தொடங்க, நான் வேலை பார்த்த கிளைக்கே கூட்டிப் போனேன். படிவத்தில் கார்டியன் என்ற இடத்தில் என் பெயரையும், உறவுமுறையில் 'தந்தை' என்றும் பெருமையாக எழுதினேன். அடுத்த மேஜை அதிகாரி பார்த்துவிட்டு, "நீங்களே இப்படி எழுதலாமா சார்?" என்று திருப்பித் தந்தார். அவர் சொன்னது சரிதான். 1956-ஆம் வருடத்து இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் 6-வது பிரிவு, இயற்கைக் காப்பாளர் என்னும்போது மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அதில் சேரமாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. தத்து எடுத்தால், அல்லது கோர்ட் நியமித்தால்தான் உண்டு. அப்பா இல்லாதபோது அம்மாதான் கார்டியன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. வேறு படிவம் வாங்கி அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தேன். மாதா மாதம் அவனைக் கூட்டிப் போய்ப் பணம் கட்டுவது மட்டும் என் வேலையானது. பிறகு யோசித்தால், வீட்டிலும் என் இடம் அதுதான் என்று தோன்றியது: கூடப் போகலாம், அப்பாவின் கட்டத்தில் பெயர் எழுதக்கூடாது.

அடுத்தது கண்டிப்பு. ஒருநாள் ராத்திரி டி.வி.யை அணைக்கச் சொன்னேன். "நீங்க ஒண்ணும் எங்கப்பா இல்லை" என்றான். கோபத்தில் நானே அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அது தப்பு. அதன்பின் நானும் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். சட்டதிட்டம் சொல்வதும் திட்டுவதும் அவள். அவள் இல்லாதபோது, அவள் சொன்னதை நினைவுபடுத்துவது மட்டும் நான். மறுபடி அதே பேச்சு வந்தபோது, "ஆமாப்பா, நான் இல்லைதான். ஆனா ஒன்பது மணிக்கு அணைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அணைத்தான். இப்படியே இரண்டு வருடம் போனது. அவசரப்பட்டு இதைக் குறைக்க வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையடிக்கும்போது ஹாலில் இருந்த அவன் அப்பா படத்தைக் கழற்றி உள்ளறையில் வைத்தேன். திரும்ப மாட்ட மறந்தேன். மறந்தேனா என்று இன்றும் சந்தேகம். அவன் எதுவும் கேட்கவில்லை, அன்று சாப்பிடவும் இல்லை. என்மேல் கொஞ்சம் பிரியம் வரத் தொடங்கிய நேரம் அது. இவரைப் பிடித்தால் அப்பாவுக்குத் துரோகமோ என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். படம் மறைந்தால் அந்தப் பயம் நிஜமாகிவிடும். அன்றே மாட்டினேன். திதி நாளில் எள், தர்ப்பை, காய்கறி வாங்கி வருவது அன்றிலிருந்து என் பொறுப்பு. உட்கார்ந்து செய்வது அவன்.

பத்தாம் வகுப்பில் சொந்தக்காரர்கள் இனிஷியலை மாற்றச் சொன்னார்கள். சர்டிபிகேட்டில் ஏறிவிட்டால் பிறகு அரசிதழ் வரை அலைய வேண்டும் என்பது உண்மைதான். அவனிடமே கேட்டேன். "அந்த எழுத்து மட்டும் இருக்கட்டும் மாமா" என்றான். விட்டுவிட்டேன்.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு ஆந்திர வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தந்தை இறந்தபோது குழந்தைக்கு இரண்டரை மாதம். தாத்தா பாட்டி தொடுத்த வழக்கில், ஆவணங்களில் தாயின் இப்போதைய கணவரை 'மாற்றாந்தந்தை' என்று காட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். அது குழந்தையின் மனதைப் பற்றி யோசிக்காத கொடுமை என்ற உச்ச நீதிமன்றம், குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் அப்பாவைப் பார்த்தே அறியாத கைக்குழந்தைக்குப் பொருந்துவது, ஒன்பது வயதுப் பையனுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் காகிதத்தில் செய்யுங்கள். தத்து எடுக்காத பிள்ளை, மாற்றாந்தந்தையின் சொத்துக்குத் தானாக வாரிசு ஆகமாட்டான். கொடுக்க நினைத்தால் உயில் எழுதவேண்டும். நான் ரிட்டயர் ஆன வருடமே எழுதிப் பதிவு செய்துவிட்டேன்.

ஒத்துப்போகிறதா என்று எப்படித் தெரியும்? 'மாமா' என்று கூப்பிடுகிறானா, 'அப்பா' என்று கூப்பிடுகிறானா என்பதை வைத்துப் பார்க்காதீர்கள். நீங்கள் அறைக்குள் வந்ததும், இறந்த அப்பாவைப் பற்றிய பேச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் அது நிற்காமலிருக்க நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு மாசித் திருவிழாவில் பூக்குழி பார்த்துவிட்டு நடந்து வரும்போது, "எங்கப்பா என்னைத் தோளில தூக்கிட்டு இதைக் காட்டினாரு" என்று என்னிடமே சொன்னான்.

அவன் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்தபோது, தெய்வத்திரு என்று அவன் அப்பா பெயர், அதற்குக் கீழே என் பெயர். இரண்டாவது வரி அவனாகச் சேர்த்தது. எழுத்துப்பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தான். மண்டபத்தின் பெயரில் ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.