தணிக்கையில் ஐயுறவு: வங்கிச் சான்று வந்த வழி

ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஐயத்திற்கு மிகக் குறைந்த இடம் தருவது வங்கி இருப்பு என்பது பொதுவான எண்ணம். சரக்கின் மதிப்பில் கருத்து வேறுபாடு எழலாம். வாராக் கடன் எவ்வளவு என்பதில் ஊகம் கலக்கலாம். வங்கியிலுள்ள பணமோ ஒரு கடிதத்தில் தெரிந்துவிடும். இந்த எளிமையே தணிக்கையாளரின் விழிப்பைத் தளர்த்துகிறது.

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று. 2008 செப்டம்பர் 30 அன்று ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அக்கடிதம் ஒப்புக்கொண்டது. அப்பணத்திற்குச் சேர்ந்ததாகக் காட்டிய 376 கோடி ரூபாய் வட்டியும் கற்பனையே.

ஆண்டுதோறும் தணிக்கை நடந்தும் இது வெளிப்படாதது எப்படி? வங்கிச் சான்றைக் கேட்கும் கடிதத்தை அனுப்புவதும் விடையைப் பெறுவதும் தணிக்கையாளரின் கையில் இருக்க வேண்டும். சத்யத்தில் அப்பணி நிர்வாகத்தின் கைக்கே விடப்பட்டது என்று, 2011 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்த அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் கண்டன. யாரைப் பற்றிக் கேள்வியோ, அவரே விடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைவிட வியப்பு, சில வங்கிக் கிளைகளிலிருந்து நேரடியாக வந்த விடைகள் நிர்வாகம் தந்த தொகைகளிலிருந்து பெரிதும் மாறுபட்டிருந்தும் அவை உரியவாறு ஆராயப்படவில்லை என்பது.

இதை நேர்மையின்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால், நேர்மையான தணிக்கையாளருக்கு இதில் கற்க ஒன்றுமில்லாது போகும். ஆனால் இங்கே செயற்படக்கூடிய மனச்சாய்வுகள் எல்லார்க்கும் உரியவை. நிர்வாகத்துடன் ஆண்டுக்கணக்கில் பழகியதால் பிறக்கும் நம்பிக்கை ஒன்று. முன்பே ஏற்ற முடிவுக்கு இசைந்த சான்றை எளிதில் ஏற்று, இசையாததை 'கிளைக் குமாஸ்தாவின் பிழை' என ஒதுக்குவது மற்றொன்று. ஆபத்து மிகுந்தது இதுவே. கிளையின் விடை 10 கோடி என்றும் ஏடு 100 கோடி என்றும் சொன்னால், ஏட்டை உண்மையாக வைத்துக்கொண்டு விடைக்கு விளக்கம் தேடத் தொடங்குகிறது மனம். அந்த விளக்கத்தையும் நிர்வாகத்திடமே கேட்கிறது.

இச்சாய்வுகளை மன உறுதியால் மட்டும் வெல்ல இயலாது. வேலை முறையில் பழக்கங்களாக அமைக்க வேண்டும். முதலாவது, ஏட்டைப் பார்க்குமுன் எதிர்பார்ப்பை எழுதிவைப்பது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் 100 கோடி ரூபாய் நிலைவைப்பு இருந்ததாகக் கூறுகிறது, வட்டி விகிதம் நூற்றுக்கு 8 என்று கொள்வோம். வட்டி ஏறத்தாழ 8 கோடி இருக்க வேண்டும். ஏட்டில் 8 கோடி வட்டி எழுதப்பட்டிருப்பதால் மட்டும் ஐயம் தீராது. பொய்யான வைப்புக்குப் பொய்யான வட்டியை எழுதுவது எளிது. ஆனால் வங்கி வட்டி தரும்போது வருமான வரியைப் பிடித்துச் செலுத்துகிறது; அது வரித் துறையின் பதிவில் நிறுவனத்தின் பெயரில் நிற்கும். பணம் இல்லையெனில் அப்பதிவும் இராது. வரிப்பிடித்த விலக்கு ஆணை ஏதேனும் உண்டா என்பதையும் பார்த்தபின், எட்டுக் கோடிக்குரிய பிடித்தம் அங்கே காணாவிடில் வங்கிக்குத் தணிக்கையாளர் தாமே செல்ல வேண்டியதுதான்.

இரண்டாவது, கடிதத்தின் வழியைக் காத்தல். கிளையின் முகவரியை நிறுவனம் தந்த பட்டியலிலிருந்து எடுக்காமல் வங்கியின் வெளியீட்டிலிருந்து எடுப்பது. தாமே அஞ்சலில் சேர்ப்பது. விடை தம் அலுவலகத்திற்கே வரச் செய்வது. இவை எழுத்தர் வேலையாகத் தோன்றுவதால் இளநிலையினரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர்களோ நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடமே உதவி கேட்கின்றனர். மூத்தவர் ஒரு முறையேனும் உறையையும் அஞ்சல் முத்திரையையும் பார்ப்பது நன்று. இதற்கும் எல்லை உண்டு: வங்கி அலுவலரே உடந்தையாயின் நேராக வந்த விடையும் பொய்யாகலாம். ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தில் 190 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று, அவற்றில் பெயர் கண்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள் 2020 ஜூனில் அறிவித்தன.

மூன்றாவது பழக்கம் கோப்பில் ஒரு தாள். முடிவுக்கு மாறான சான்றுகளை மட்டும் அதில் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வாறு தீர்ந்தது, தீர்த்த செய்தி யாரிடமிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். வந்த இடம் 'நிர்வாகம்' என்றே இருக்கும் வரிகளை, அக்கணக்கில் பணிபுரியாத மற்றொரு தணிக்கையாளர் கையொப்பத்திற்கு முன் படிக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தால் ஐயம் மங்காத கண் அவருடையது. கிளையிலிருந்து வந்த அந்த 10 கோடி அவருக்கு முதல் பார்வையிலேயே உறுத்தும்.