ஒரே மூச்சில் நாலு கேள்வி வந்தால்
(இரத்தினபுரி தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி ஒரே மூச்சில் கேட்டார்: "22 வருஷம் வேலை செஞ்சு நின்னுட்டேன் தம்பி. ஈபிஎப் காசும் வரல்ல, சர்வீஸ் காசும் வரல்ல, தோட்டத்துப் பதிவில ஒரு பேரு, ஐடென்டி கார்டில ஒரு பேரு, இப்ப லயக் காம்பராவையும் விடச் சொல்றாங்க, நான் என்ன செய்ய?"

முன்பெல்லாம் நான் காதில் கடைசியாக விழுந்த காம்பராவுக்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்திருப்பேன். மற்ற மூன்றும் அவரோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். இந்த முறை அவர் பேசும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் குறித்துக்கொண்டேன். இடையில் பேசவில்லை. முடித்ததும் திருப்பிச் சொன்னேன்: "அக்கா, நீங்க கேட்டது நாலு. ஒன்று ஈபிஎப், இரண்டு சர்வீஸ் காசு, மூன்று பேர், நாலு காம்பரா. ஏதும் விட்டேனா?" "இல்ல, சரி" என்றார். அதற்குப் பிறகுதான் பதில்.

"முதலில் மூன்றாவதைச் சொல்றேன், ஈபிஎப் அதில்தான் தங்கியிருக்கு" என்று சொல்லியே வரிசையை மாற்றினேன். சொல்லாமல் மாற்றினால் கேட்பவர் தடுமாறுவார். இரண்டு பேரும் ஒருவரே என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம், சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி தயார் செய்ய வேண்டும்.

முதலாவது, ஈபிஎப். வேலையை விட்ட பெண்ணுக்கு 50 வயது முடிந்தால் எடுக்கலாம். தொழில் காரியாலயத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, சர்வீஸ் காசு. இது ஈபிஎப் அல்ல. தோட்ட நிர்வாகமே தர வேண்டியது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். நாட்சம்பளம் 1350 ரூபாய் என்றால் 14 நாளுக்கு 18,900. 22 வருஷத்துக்கு 4,15,800 ரூபாய். வேலை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு.

இரண்டையும் சேர்த்து "காசு வரும்" என்று சொல்லியிருந்தால், ஈபிஎப் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று அக்கா இருந்திருப்பார்.

நாலாவது, காம்பரா. அதற்கு எனக்குப் பதில் தெரியாது. அதையே சொன்னேன்: "சங்கக் காரியாலயத்தில் கேட்டு அடுத்த கூட்டத்தில் சொல்றேன். அதுவரை எந்தக் கடுதாசியிலும் கையெழுத்துப் போடாதீங்க." தெரியாததைப் பூசி மெழுகினால், சரியாகச் சொன்ன மூன்றையும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக, "இப்ப முதலில் எங்க போவீங்க?" என்று கேட்டேன். "பேருக்குக் கடிதம் கேட்டு ஆபீசுக்கு" என்றார். பதில் போய்ச் சேர்ந்தது என்று அதில்தான் தெரிந்தது.