வீட்டுக்காரருக்கு எழுதிய ஒரு கணக்குக் கடிதம்

(கொடைக்கானலில் நடந்த வாடகைக் குடியிருப்போர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற கூட்டத்தில் பலர் கேட்டீர்கள்: "வீட்டுக்காரர் அனுப்புகிற வாடகைக் கணக்கு தப்பாக இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டால் மனஸ்தாபம் வருகிறது." அதனால் இன்று சட்டத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசப் போவதில்லை. 2025 ஏப்ரலில் நம்மிடம் வந்த ஒரே ஒரு கணக்கையும், அதற்கு நாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கடிதத்தையும் உங்கள் முன் வைக்கிறோம். சம்பந்தப்பட்டவர் சம்மதித்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம்.

அவர் நாயுடுபுரம் பக்கம் ஐந்து வீடுகள் வரிசையாக உள்ள ஒரு காம்பவுண்டில் குடியிருக்கிறார். ஏரிக்கரையில் ஒரு சாக்லேட் கடையில் வேலை. வீட்டுக்காரர் இருப்பது சமவெளியில்; வருடத்துக்கு ஒருமுறை கணக்கு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இந்த முறை வந்த கணக்கின் அடியில், பாக்கி 20,120 ரூபாய் என்றும், பதினைந்து நாளில் கட்டாவிட்டால் அட்வான்ஸ் 24,000-இல் கழித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்வோம் என்றும் இருந்தது. மகள் அப்போது பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்கு இங்கேயே இடம் கேட்டிருந்தாள். சீசன் நேரத்தில் கொடைக்கானலில் மாத வாடகைக்கு வீடு தேடுவது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் நம்மிடம் வந்தபோது சொன்ன முதல் வார்த்தை, "நான் ஒரு பைசா பாக்கி இல்லை, பாய். மாதாமாதம் போட்டிருக்கிறேன்" என்பது. வீட்டுக்காரர் 20,120 என்கிறார், இவர் பூஜ்யம் என்கிறார். கடைசியில் பார்த்தால் இரண்டுமே சரியில்லை.

வந்த கணக்கு இதுதான். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வாடகை, 12 மாதம், மாதம் 8,400 வீதம் 1,00,800. பொது மோட்டார் கரண்ட், மாதம் 310 வீதம் 3,720. தண்ணீர் லாரி 14 லோடு, 25,200-ஐ நான்கால் வகுத்து 6,300. கீசர் ரிப்பேர் 1,200. தகரக் கூரை ஒழுகல் சரி செய்தது 4,500. ஆக மொத்தம் 1,16,520. வரவு 96,400. பாக்கி 20,120.

முதலில் கூட்டிப் பார்த்தோம். கூட்டல் சரி, கழித்தலும் சரி. இதில்தான் பலர் ஏமாந்து போகிறோம். மொத்தம் சரியாக வந்துவிட்டால் கணக்கே சரி என்று நினைத்துவிடுகிறோம். தப்பு பெரும்பாலும் கூட்டலுக்கு முன்பே, ஒவ்வொரு வரிக்கும் உள்ளே நடந்திருக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், பில்கள் மூன்றையும் மேசையில் வைத்து, ஒரு வரிக்கு ஒரு தாளாகப் பார்த்தோம்.

வாடகை வரி. ஒப்பந்தம் 2023 ஜூன் 1-இல் ஆரம்பம். வாடகை 8,000, ஒரு வருடம் முடிந்ததும் ஐந்து சதவீதம் கூடும். அப்படியானால் 8,400 என்பது 2024 ஜூன் முதல்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் 8,000. சரியான தொகை 16,000-உம் 84,000-உம் சேர்ந்து 1,00,000. கூடுதலாக எழுதியது 800.

மோட்டார் கரண்ட். நமக்கு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். வருடத்துக்கு ஆறு பில். பில்களின் நகலை வீட்டுக்காரரே அனுப்பியிருந்தார். ஆறும் சேர்ந்து 9,300. ஒரு பில்லுக்குச் சராசரி 1,550, ஐந்து வீட்டுக்குப் பிரித்தால் 310. அதுவரை சரி. ஆனால் அந்த 310 இரண்டு மாதத்துக்கு உரியது. அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டார். ஆறால் பெருக்கினால் 1,860. சரியாக இரட்டிப்பு வசூல். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நாம் நினைக்கவில்லை. அப்படியானால் பில்களை அனுப்பியிருக்க மாட்டார்.

வரவு வரிதான் எங்களைக் கொஞ்சம் அலைய வைத்தது. பேங்க் ஸ்டேட்மென்ட்படி இவர் போட்டது 1,00,000. அவர் காட்டியது 96,400. வித்தியாசம் 3,600. ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் வித்தியாசம் 8,000 அல்லது 8,400 என்று வரவேண்டும். 3,600 எந்த மாத வாடகையும் இல்லை. நம் குழுவில் பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவர் பார்த்தவுடனே, "ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்" என்றார். 3,600 மீதியில்லாமல் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டால் வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுபட்டால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; எங்கே தேடுவது என்று காட்டும். மாதவாரி வரவைப் பார்த்தோம். அக்டோபரில் 8,400-க்குப் பதில் 4,800 என்று எழுதியிருந்தது.

இந்த மூன்றும் கணக்குப் பிழைகள். சேர்த்தால் 6,260. இவற்றை யாரும் வாதாட வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

மீதி இரண்டும் வேறு வகை. தண்ணீர் லாரிச் செலவை ஐந்து வீட்டுக்கும் சமமாகப் பிரிப்பது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர் நான்கால் வகுத்திருந்தார். காரணம் கேட்டால், ஐந்தாவது வீடு காலி என்பார். மாத வாடகைக்கு அது காலிதான். ஆனால் 2024 மே மாதம், அந்த இ-பாஸ் வந்த சீசனிலும், அதில் டூரிஸ்டுகள் வந்து தங்கினார்கள். தங்காவிட்டாலும் ஐந்தாவது பங்கு வீட்டுக்காரருடையது, அண்டை வீட்டாருடையது அல்ல. 25,200-ஐ ஐந்தால் வகுத்தால் 5,040. வித்தியாசம் 1,260.

கூரைச் செலவு 4,500. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் இவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவருடையதில் பழுது பற்றி ஒன்றுமே இல்லை. ஆகவே கூரை அவருடையது. அதே அட்டவணைப்படி கீசர் 1,200 இவருடையது. "கீசரே பழசு, பாய்" என்று முகம் சுளித்தார். சட்டத்தை ஒரு வரிக்கு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்றோம்.

இன்னொன்றும் நடந்தது. பில்களைப் புரட்டும்போது, செப்டிக் டேங்க் லாரிக்கு வீட்டுக்காரர் 3,500 கொடுத்த ரசீது வந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவே மறந்துவிட்டார். ஒரு பங்கு 700. இதைக் கடிதத்தில் எழுதுவதா வேண்டாமா என்று நமக்குள்ளேயே பேச்சு நடந்தது. "அவர் கேட்கவில்லையே" என்றார் ஒருவர். கடன் கடன்தான் என்று இவரே முடிவு செய்தார். எழுதினோம்.

இப்போது கூட்டுங்கள். 1,00,000, மோட்டார் 1,860, தண்ணீர் 5,040, கீசர் 1,200, செப்டிக் டேங்க் 700. மொத்தம் 1,08,800. கட்டியது 1,00,000. பாக்கி 8,800. ஒரு பைசா பாக்கியில்லை என்று வந்தவர் கட்ட வேண்டியது 8,800. வாடகையை மட்டும் மாதாமாதம் போட்டுவிட்டு, பராமரிப்புப் பங்கு வருடக் கடைசியில் வரும் என்பதை மறந்திருந்தார்.

கடிதம் இப்படிப் போயிற்று:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய 2024–25 வருடக் கணக்கைப் பார்த்தேன். பில் நகல்களையும் அனுப்பியதற்கு நன்றி. கீழ்க்கண்ட மூன்று இடங்களில் கைப்பிழை நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. 1. ஒப்பந்தப்படி 8,400 வாடகை 2024 ஜூன் முதல். ஏப்ரல், மே மாதங்களுக்கு 8,000. வித்தியாசம் 800. 2. மோட்டார் பங்கு 310 இரண்டு மாதத்துக்கு உரியது. ஆறு பில்லுக்கு 1,860, கணக்கில் 3,720. வித்தியாசம் 1,860. 3. அக்டோபரில் நான் அனுப்பியது 8,400. வரவில் 4,800 என்றுள்ளது. வித்தியாசம் 3,600. பேங்க் நகல் இணைத்துள்ளேன்.

தண்ணீர்ச் செலவு ஒப்பந்தப்படி ஐந்து பங்கு. என் பங்கு 5,040 என்று கருதுகிறேன். கூரைப் பழுது என் பொறுப்பில் வராது என்று கருதுகிறேன். இவ்விரண்டையும் பேசித் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். செப்டிக் டேங்க் செலவில் என் பங்கு 700 விடுபட்டுள்ளது, அதைச் சேர்த்துக்கொண்டேன்.

என் கணக்குப்படி தர வேண்டிய 8,800 ரூபாயை இன்று தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். என் கணக்கில் தவறு இருந்தால் எந்த வரி என்று தெரிவிக்கவும். அட்வான்ஸ் தொகையை நான் வீட்டைக் காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

தேதி 2025 மே 5. ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று.

இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். கைப்பிழையையும் கருத்து வேறுபாட்டையும் நாம் ஒரே பத்தியில் கலக்கவில்லை. கலந்திருந்தால் கூரைச் சண்டையில் 6,260-உம் மூழ்கியிருக்கும். அடுத்து, ஒத்துக்கொண்ட பணத்தைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டோம். முழுத் தொகையையும் பிடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், பேச்சு கணக்கைப் பற்றி இருக்காது, வாடகை பாக்கிக்காரர் என்பதைப் பற்றி இருக்கும். பாக்கி வைப்பது காலி செய்யச் சொல்வதற்கு ஒரு சட்டக் காரணமும் ஆகும். தகராறு நடக்கும்போது தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கும் அதே சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். இவருக்கு அந்த அவசியம் வரவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். அக்டோபர் வரவைப் பார்த்துச் சிரித்தாராம். மூன்று கைப்பிழையையும் அப்படியே ஒத்துக்கொண்டார். தண்ணீருக்கு ஐந்தாவது பங்கை ஒத்துக்கொள்ள இன்னொரு போன் தேவைப்பட்டது. மோட்டார் கணக்கு மற்ற வீடுகளுக்கும் இரட்டிப்பாகப் போயிருப்பதை இவர் அப்போதுதான் சொன்னார். அவர்களுக்கும் திருத்திய கணக்கு வந்தது. கூரை 4,500 இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. பாதி தருகிறாயா என்று அவர் கேட்கிறார். இவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

உங்களில் யாரிடமாவது இப்படிக் கணக்குத் தாள் இருந்தால், ஒப்பந்தத்தையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பில்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தாள் மட்டும் வந்தால் கூட்டல் சரியா என்பதற்கு மேல் நம்மால் எதுவும் சொல்ல முடியாது.