நோட்டீஸ் எழுதும்போது

இரத்தசோகைக்கு நோட்டீஸ் எழுதும் குழுக்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

“தாயே, உன் அலட்சியம் பிள்ளையைப் பாதிக்கும்” என்று பல இடங்களில் எழுதியிருக்காங்க. சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவள் அதைப் படித்தால் என்ன செய்வாள்? நர்ஸம்மா கேட்டால், “போடுறேன்”னு பொய் சொல்லுவாள். அவள் நிறுத்தியது அலட்சியத்தால் இல்லை. குமட்டலால், மலம் கறுப்பாகப் போன பயத்தால்.

அதனால் இப்படி எழுதுவோம்: “மாத்திரை குமட்டுதா? வெறும் வயிற்றில் வேண்டாம், இரவு சாப்பிட்ட பிறகு போடுங்க. டீ, காபியோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. தொந்தரவு தொடர்ந்தால் நிறுத்தாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்க.”

படத்தில் கிழிந்த சேலையோடு அழும் பெண் வேண்டாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. அந்தப் படத்தைப் பார்த்தால், வசதியான வீட்டுப் பெண் “இது எனக்கில்லை”னு போயிடுவாள். ஏழைப் பெண்ணுக்கோ அவமானம்.

அச்சடிக்கும் முன் மாத்திரையை நிறுத்திய ஒருத்தரிடம் படித்துக் காட்டுங்க. “இனி என்ன செய்வீங்க?”னு கேளுங்க. “ராத்திரி போட்டுப் பார்க்கிறேன்” என்றால் அச்சுக்குக் கொடுங்க. தலை குனிந்தால், திருத்தி எழுதுங்க.