பேரக்குழந்தையின் டயப்பரில் பார்க்க வேண்டிய நிறம்

பேரப்பிள்ளையின் மலம் பச்சையாகப் போனால் வீட்டில் பதற்றம் வந்துவிடுகிறது. உண்மையில் கவலைப்பட வேண்டியது வெளிறிய நிறத்திற்குத்தான்.

முதல் இரண்டு, மூன்று நாள் மலம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். ஐந்தாம் நாளளவில் அது அரைத்த கடுகு போன்ற மஞ்சளாகி, சிறு விதைகள் கலந்ததுபோல் இளக்கமாகப் போகும். அந்த விதைகள் செரிக்காத பால் கொழுப்பு. இடையில் சில நாள் பச்சையாகவும் போகலாம். குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை கூடினால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

இந்த மஞ்சளையும் பச்சையையும் தருவது பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் மலம் சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ வெளிறிவிடும். ஒரு மாதக் குழந்தைக்குக் கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் டயப்பரில் அடர்மஞ்சள் கறை விடுகிறது, மலமும் வெளிறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்” என்று காத்திருக்காதீர்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால், பிறந்து 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே அதிகப் பலன் தரும்.

மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விளக்கொளி ஏமாற்றும். வெளிறியிருந்தால் அன்றே அந்த டயப்பரோடு குழந்தையைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், மஞ்சளுக்கு மாறிய பிறகு மீண்டும் கறுத்தாலும் அப்படியே செய்யுங்கள்.