கையில் வந்தது எவ்வளவு?

நான் நெம்மேலி குழு உறுப்பினர்.

போன வருஷம் ஒரு கறவை மாடு 50,000 ரூபாய்னு பேசி முடிச்சோம். ஒரு நிதி நிறுவனத்துல அதே 50,000 கடன் கேட்டேன். கணக்குல ஏறினது 47,865 தான். செயலாக்கக் கட்டணம் நூத்துக்கு ஒன்றரை வீதம் 750, அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 135, எனக்கும் வீட்டுக்காரருக்கும் காப்பீடு 1,250. மொத்தம் 2,135 பிடிச்சுட்டாங்க. மாட்டுக்காரர் குறைச்சு வாங்கல. பக்கத்துல அஞ்சு வட்டிக்கு வாங்கித்தான் மாட்டை ஓட்டிவந்தேன். கைக்கு வராத அந்த 2,135-க்கும் சேர்த்து, முழு 50,000-க்கும் வட்டி கட்டுறேன்.

குறையுற 2,135-ஐ மட்டும் கூட்டிக் கேட்டாலும் பத்தாது. கூட்டின தொகைக்கும் பிடிப்பாங்க. அதே வீதத்துல 52,500 கேட்டிருந்தா, 2,242 போக 50,258 கையில் வந்திருக்கும். ஆனா தவணையும் கொஞ்சம் ஏறும். கையில சேமிப்பு இருந்தா, குறையுறதை அதுல போடுறதே லாபம்.

ரிசர்வ் வங்கியோட விதிப்படி, சிறுகடனுக்கு நமக்குப் புரியுற மொழியில கடன் விவரத் தாள் தரணும். கையெழுத்துக்கு முன்னாடி அதுல பிடித்தம் போக நமக்கு வர்ற தொகையைப் பாருங்க. காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்குங்க. மாட்டுக்கு முன்பணம் அதுக்கப்புறம் கொடுக்கலாம்.