இன்றிரவு விருந்தினர் வருகிறார்கள்: இல்லத்தாளிடம் எப்படிச் சொல்வது?

(ஜும்ஆப் பேருரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதன் சிறப்பைப் பற்றி இந்த மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஐந்து நிமிடம் இருக்கிறது. கைப்பேசி ஒலிக்கிறது, இன்றிரவு வருகிறோம் என்று உறவினர் சொல்கிறார், அச்செய்தியை வீட்டில் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பல வீடுகளில் விருந்து கெடுவது அடுப்படியில் அல்ல, இந்த இடத்தில்தான்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. அகழ் தோண்டிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம் கடும் பசியின் அடையாளத்தைக் கண்ட ஜாபிர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்று வீட்டுக்கு வருகிறார்கள். வந்தவுடன் துணைவியாரிடம், 'விருந்து தயார் செய்' என்று கட்டளையிடவில்லை. தாம் கண்டதைச் சொல்கிறார்கள். பின்னர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு ஸாஉ வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியும் இருப்பதாக அம்மையார் சொல்கிறார்கள். ஒரு ஸாஉ என்பது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ. கணவர் குட்டியை அறுக்கிறார். மனைவி கோதுமையை அரைக்கிறார். அவர் வேலையை முடிக்கும்போது இவரும் முடித்துவிட்டார் என்று அறிவிப்பில் வருகிறது. ஒருவர் வேலை செய்ய மற்றவர் திண்ணையில் அமர்ந்திருந்த வீடல்ல அது.

அழைப்புச் சொல்ல அவர்கள் புறப்படும்போது அம்மையார் ஒரு நிபந்தனை விதிக்கிறார்கள்: அல்லாஹ்வின் தூதருக்கும் அவர்களுடன் இருப்போருக்கும் முன்னால் என்னை வெட்கப்பட வைத்துவிடாதீர்கள் என்று. இருக்கும் உணவின் அளவுக்கு அழையுங்கள் என்பதே இதன் பொருள். ஜாபிர் (ரலி) அவர்கள் அதை மனத்தில் கொண்டு, நபியவர்களிடம் இரகசியமாகச் சென்று, உணவு சிறிதளவே இருக்கிறது, தாங்களும் சிலரும் வாருங்கள் என்று அளவைச் சொல்லியே அழைத்தார்கள். ஆனால் நபியவர்களோ அகழில் இருந்த அனைவரையும் அழைத்துவிட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர்! வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னதும் அம்மையார் கணவரைக் கடிந்துகொண்டார்கள். நீ சொன்னபடியேதான் நான் செய்தேன் என்று அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. சொல்லாமல் மறைத்திருந்தால் அந்தப் பதில் இருந்திருக்காது. அன்று அனைவரும் உண்டு மீதமும் இருந்தது அல்லாஹ்வின் அருளால் நிகழ்ந்த முஃஜிஸா. அது நமக்குரிய கணக்கல்ல. நமக்கு ஒரு கிலோ அரிசி ஒரு கிலோதான்.

இதே நிகழ்ச்சியில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொரு செய்தி உண்டு. உன்னோடு சேர்ந்து ரொட்டி சுட இன்னொரு பெண்ணை அழைத்துக்கொள் என்று நபியவர்களே அம்மையாரிடம் சொன்னார்கள். ரொட்டியைப் பிய்த்து அதன்மேல் இறைச்சி வைத்துப் பரிமாறியதும் நபியவர்களின் திருக்கரமே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்கு அவருடைய பெரியத்தாவிடமிருந்து அழைப்பு வருகிறது. நாகூருக்குச் செல்லும் வழி, குடும்பத்தோடு வருகிறோம் என்கிறார். 'தாராளமாக வாருங்கள்' என்று சொன்ன கையோடு மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர்? எத்தனை மணிக்கு? இரவு தங்குகிறீர்களா, சாப்பிட்டுப் புறப்படுகிறீர்களா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்குச் சமைத்த இடத்தில் பன்னிரண்டு பேர் அமர்வதுதான் மரியாதைக் குறைவு. இவர் கேட்டார்: ஆறு பேர், எட்டரை மணி, தங்கவில்லை, பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய்.

உடனே மனைவிக்குப் பேசுகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. அதை அவர் ஏழு மணிக்குப் பார்க்கக்கூடும். அதைவிட மோசமானது, விருந்தினரை முன்னறையில் அமர வைத்தபிறகு உள்ளே எட்டிப் பார்த்துத் தகவல் சொல்வது.

'பெரியத்தா குடும்பம் ஆறு பேர் எட்டரைக்கு வருகிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உன்னால் இன்று முடியுமா? வீட்டில் என்ன இருக்கிறது?'

'நான் இப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். தம்பிக்கு நாளை பரீட்சை. அரிசியும் தேங்காயும் இருக்கிறது. கறி இல்லைங்க. பிரியாணியெல்லாம் இன்றைக்கு முடியாது.'

'பிரியாணி வேண்டாம். நெய்ச்சோறு மட்டும் நீ போடு. கோழி நான் வாங்கி வருகிறேன். வெங்காயம் நறுக்குவதும் தம்பியைப் படிக்க வைப்பதும் என் பொறுப்பு. இல்லையென்றால் பரோட்டாவும் சால்னாவும் கடையில் வாங்கிவிடலாம். உனக்கு எது சுலபம்?'

'கோழியை ஆறரைக்குள் கொண்டுவந்தால் நெய்ச்சோறே போட்டுவிடலாம். பெரியம்மாவுக்கு நான்கு சப்பாத்தி மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தயிரும் வேண்டும்.'

முடிந்தது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. விருந்தினர் ஆறு, வீட்டார் நால்வர், ஆகப் பத்துப் பேர். ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று வைத்தால் ஒரு கிலோ. கோழி ஒன்றரைக் கிலோ. கறிக்கு முக்கால் மணி நேரம், சோற்றுக்கு அதே அளவு. இரண்டு அடுப்பில் வைத்தால் எட்டு மணிக்குள் தயார். ஆறரை என்று அம்மணி சொன்னது இந்தக் கணக்கில்தான். இவர் ஏழரைக்கு வந்தால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று பொருள். அப்போது கோழியோடு அல்ல, பரோட்டாவோடு வரவேண்டும்.

இந்த உரையாடலில் 'சரி' என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் தகவலைச் சொல்ல, மறுமுனையில் 'சரி' என்று மட்டும் வந்து பேச்சு துண்டிக்கப்பட்டால், அது பெரும்பாலும் சம்மதம் அல்ல. யார் எதை வாங்குவது என்பதும் தீர்மானமாகியிருக்காது. இருவரும் தயிர் வாங்கி வந்த வீடும் உண்டு, யாருமே வாங்காத வீடும் உண்டு.

சமைப்பது அவளுடைய கடமைதானே, எதற்கு இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். ஷாஃபி மத்ஹபின்படி சமையல் மனைவி மீது மார்க்கச் சட்டம் சுமத்திய கடமை அல்ல. ஹனஃபி மத்ஹபில் அது மார்க்க ரீதியான பொறுப்பு என்று சொல்லப்பட்டாலும், காஜி அதை வற்புறுத்த முடியாது. ஆக, கணவனின் உறவினருக்காக அவள் அடுப்பில் நிற்பது பெரும்பாலும் அவளுடைய நற்குணம். நற்குணத்தைக் கட்டளையிட்டுப் பெற முடியாது, கேட்டுத்தான் பெற வேண்டும். அவளுடைய தம்பி திடீரென வந்து நிற்கும் நாளில் இதே கேள்வியை அவள் நம்மிடம் கேட்பாள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம், உணவுண்டபின் பேச்சில் இலயித்து அமர்ந்துவிடாமல் கலைந்து செல்லும்படி நபியவர்களின் வீட்டு விருந்தினருக்குக் கூறுகிறது. எட்டரைக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பதரை ஆகுமென்றால் வழியிலேயே பேசிச் சொல்லிவிட வேண்டும். நெய்ச்சோறு இறக்கி ஒரு மணி நேரம் போனால் குழைந்து ஒட்டிவிடும். கூடுதலாக இருவர் வண்டியில் ஏறிக்கொண்டால் அதையும் சொல்ல வேண்டும். அழைக்கப்பட்ட ஐவரோடு ஆறாவதாக ஒருவர் தொடர்ந்து வந்தபோது, அவருக்கும் அனுமதி உண்டா என்று விருந்து கொடுத்தவரிடம் நபி (ஸல்) அவர்களே கேட்டார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. அந்த மனிதரும் அனுமதித்தார்.

விருந்தினர் பத்து மணிக்குப் புறப்பட்டபின் பத்துத் தட்டுகளும் இரண்டு பெரிய சட்டிகளும் தொட்டியில் கிடக்கும். அவை யாருடைய பொறுப்பு என்பதையும் மாலை ஐந்து மணிக்கே பேசிக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் வீட்டார்களின் பணிகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.